அக்காவும் நானும் மடித்த போர்வை

பன்னிரண்டு வயதில் நான் ஒரு மாபெரும் நகைச்சுவைக் கலைஞன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நம்பிக்கை எனக்கு மட்டுமே இருந்தது என்பதும், சொந்தக்காரர்கள் சிரித்தது மதியச் சாப்பாடு தயாராகும்வரை பொழுது போகவேண்டுமே என்றுதான் என்பதும் பிற்பாடு தெரிந்தது. தெரியாமலிருந்த காலத்தில் ஒரு சிரிப்புக்காக என் அக்காவையே விற்றேன். வாங்கியவர்கள் பாயசம் குடித்துவிட்டு மறந்துபோனார்கள்.

அக்கா அப்போது பதினொன்றாம் வகுப்பு. பேச்சுப் போட்டி என்றால் விடமாட்டாள். மந்தைவெளியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் அவள் பீரோ முன்னால் நின்று பேசுவாள். எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு எங்காவது தடுமாறினால் எடுத்துக்கொடுப்பது என் உத்தியோகம். அந்த உத்தியோகத்தின் பேரில்தான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்துப் போட்டிக்கு அவளுக்குத் துணையாகப் போனேன். மூன்றாவது பத்தியில் அவளுக்கு எல்லாம் மறந்துபோனது. "நடுவர் அவர்களே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "நடுவர் அவர்களே" என்றாள். துப்பட்டாவில் குத்தியிருந்த பின்னை நான்கு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "வீட்ல யார்கிட்டயும் சொல்லாதடா" என்றாள். அம்மா மேல் சத்தியம் செய்தேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தியத்துக்கு ஆயுள் மூன்று வாரம்தான்.

தியாகராய நகரில் அத்தை வீட்டில் ஏதோ விசேஷம். கூடத்தில் பதினைந்து பேர். "டேய், எதையாவது பண்ணிக் காட்டுடா" என்றார் மாமா. சரக்கு தீர்ந்திருந்தது. ஒரு கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டேன். "நடுவர் அவர்களே... அவர்களே... அவர்களே..." இல்லாத துப்பட்டாவில் இல்லாத பின்னைத் தேடினேன். கூடம் அதிர்ந்தது. மாமாவுக்குப் புரையேறியது. அக்கா பாயசத் தட்டோடு வாசற்படியில் நின்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

அன்று மாலை வீட்டில் வெடித்தது. "உன்னை நம்பித்தானடா கூட்டிட்டுப் போனேன்!" என்று கத்தினாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய அந்த இடத்தில் நான், "மறந்துபோறவளுக்கு எதுக்குப் பேச்சுப் போட்டி?" என்றேன். அவள் நேராக அப்பாவிடம் போய், கணக்குப் பரீட்சைத் தாளில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டிருந்ததைச் சொல்லிவிட்டாள். அப்பா தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். அவருடையதைவிட அழகாக இருந்ததுதான் அவரை அதிகம் புண்படுத்தியது என்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்குக் கிரிக்கெட் கிடையாது என்று தீர்ப்பானது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை. ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அந்த ஆளை ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்பாள் அவள். "அம்மா, முடியாதுன்னு சொல்லு" என்பேன் நான். அடுப்படியிலிருந்து அம்மா, "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ஃபேனை நிறுத்திடுவேன்" என்றாள். நிறுத்தியும் விட்டாள்.

இதில் வேடிக்கை இல்லாத பகுதி ஒன்று உண்டு. அடுத்த சனிக்கிழமை மயிலாப்பூரில் இன்னொரு போட்டி இருந்தது. அக்கா பீரோ முன்னால் தனியாக நின்றாள். மூன்றாவது பத்தி வந்ததும் நிறுத்தினாள். மறுநாளும் அங்கேயே நின்றாள். செவ்வாய்க்கிழமை, "பேரை எடுத்துடச் சொல்லப் போறேன்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இனி அவள் மேடையே ஏறமாட்டாள், நான்தான் இறக்கிவிட்டேன் என்று புரிந்தது.

சமாதானம் செய்யக் கிளம்பினேன். முதல் முயற்சி: "ஸாரி. ஆனா நீ எதுக்கு அப்பாகிட்ட..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு இரண்டே நிமிஷத்தில் ஜாமெட்ரி பாக்ஸ், போன வருஷம் உடைந்த ரேடியோ, மூன்றாம் வகுப்பில் நான் கடித்த கை என்று சண்டை பின்னோக்கி ஓடியது. இரண்டாவது முயற்சியாகத் தோப்புக்கரணம் போட்டுக் குரங்கு மாதிரி முகம் காட்டினேன். கதவு சாத்தப்பட்டது. மூன்றாவதாக அம்மாவைத் தூது விட்டேன். "அவனுக்கு வாய் இல்லையா? அன்னிக்கு அத்தை வீட்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று பதில் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மழை தூறியது. துணி எடுக்க எங்கள் இருவரையும் மொட்டைமாடிக்கு விரட்டினாள் அம்மா. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஒதுங்கினோம். இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று இருந்தது. அதை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஒரு முனையை அவள் என் பக்கம் நீட்டினாள். இழுத்துப் பிடித்தோம். மடிக்க மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டியிருந்தது.

"அத்தை வீட்ல நீ வாசப்படியில வந்து நின்னதை நான் பாத்தேன்க்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

"பாத்துட்டும் நிறுத்தல. எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க, அதனால இன்னும் பண்ணேன். சத்தியம் பண்ணிட்டு உடைச்சேன். போட்டி எதுக்குன்னு கேட்டதும் பொய்யி. உன்னை அழவைக்கத்தான் கேட்டேன்."

கிரிக்கெட், அப்பா, கையெழுத்து எல்லாம் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட முதல் வசனம் அது.

அக்கா சந்தேகமாகப் பார்த்தாள். "அப்புறம்? 'ஆனா'?"

"ஆனா எதுவும் இல்ல."

"மன்னிச்சிட்டியான்னு கேக்க மாட்டியா?"

"நீ எப்ப சொல்றியோ சொல்லு. மாமாகிட்ட போன் பண்ணி, நான் செஞ்சது தப்புன்னு சொல்லட்டுமா?"

"வேணாம். அவர் மறுபடி சிரிப்பாரு."

அவ்வளவுதான். போர்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணீர் விடவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை என் பள்ளிக்கூடப் பையின் மேல் நான்கு தாள்கள் இருந்தன. எடுத்துக்கொண்டு பீரோ பக்கத்தில் போய் நின்றேன். மூன்றாவது பத்தியில் நின்றாள். வழக்கமாக உடனே எடுத்துக்கொடுத்துப் பெருமை அடித்துக்கொள்ளும் நான் அன்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவளே பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை பரிசு ஒன்றும் வாங்கவில்லை; கடைசி வரிவரை பேசினாள். பின்னைத் தொட்டது ஒரே ஒரு தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா திடீரென்று, "போய் விளையாடுடா" என்றார். தண்டனையில் பாதிக்குமேல் பாக்கி இருந்தது. என் முகத்தில் தெரிந்த திருந்திய களையைப் பார்த்துத்தான் அப்பா மனமிரங்கினார் என்று பல வருஷம் நம்பியிருந்தேன். போன மாதம்தான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: துணி எடுத்த அன்றே அக்கா அப்பாவிடம் போய், "கோவத்துல போட்டுக்குடுத்துட்டேன்பா, சண்டையில எனக்கும் பங்கு இருக்கு, அவனை விட்டுடுங்க" என்று கேட்டிருக்கிறாள். நான் விழுங்கிய வசனத்துக்கு, நான் கேட்காமலேயே பதில் சொல்லியிருக்கிறாள். அதை ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. நான் என் மன்னிப்பின் அழகில் மயங்கிக் கிடந்தேன்.

அக்கா இப்போது திருவான்மியூரில் இருக்கிறாள். சென்ற வாரம் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரச் சொன்னேன். மணலில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "அக்கா, அப்பாகிட்ட நீ பேசினதை அம்மா சொன்னாங்க. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாம..." என்று நன்றியுரையை ஆரம்பித்தேன். மூன்று பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கையிலிருந்த பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பஜ்ஜி ஆறுது, தின்னு."