பிடிக்க நீட்டிய கை

துஷாந்தின் கன்ட்ரோலரில் ஒரு பொத்தான் சிக்குவதை மேர்வின் கவனித்தான். தன்னுடையதை அவன் மடியில் வைத்து, பழுதானதை எடுத்துக்கொண்டான். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் கூடவே வளர்ந்த மேர்வின் எப்போதுமே அப்படித்தான். ஹட்டன் வீடியோ கேம் கடையில் அன்று அவர்கள் இருவருக்கும் இறுதிப் போட்டி. வெல்பவன் கொழும்புக்குப் போய் ஆடலாம்.

அந்தச் சண்டை விளையாட்டில் அடி வந்தால் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நின்றால் எதிராளி பிடித்துத் தூக்கி வீசுவான். பிடிக்க வருகிறவனை முந்தி அடித்தால் அவன் விழுவான். எது வரும் என்று ஊகிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

கடைசிச் சுற்றில் திரையில் இருவரின் வீரர்களுக்கும் உயிர் துளிதான் மிச்சம். விழுந்து எழும்பிய துஷாந்தை மேர்வின் நெருங்கினான். பயந்தால் தடுப்பது துஷாந்தின் பழக்கம். அன்று மட்டும் விரல் தானாக அடித்துவிட்டது. பிடிக்க நீட்டிய கையோடு மேர்வினின் வீரன் சாய்ந்தான்.

கைதட்டல் துஷாந்தின் மனதில் ஏறவில்லை. கன்ட்ரோலரைத் தந்தவன் வெற்றியையும் தந்துவிட்டானோ? தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கைகூப்பி நின்றபோதும் அந்த எண்ணம் விடவில்லை.

மறுவாரம் மேர்வின் கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் புறப்பட்டான். பஸ் ஏறும்போது துஷாந்த் கேட்டே விட்டான்.

"டேய், வேணும்னே விட்டியா?"

"போடா லூசு. மாதா சத்தியமா, நீ தடுப்பேன்னு நம்பித்தான் பிடிக்க வந்தேன். உன்ன எனக்குத் தெரியும்ல, அதான் தோத்தேன். கொழும்புல உன்னத் தெரிஞ்சவன் எவனும் இல்ல. அங்கயும் பயத்துல அடிச்சேன்னு வையி, அவன் பிடிக்க வராம தடுத்துட்டு நிப்பான், உன் அடி வீணாயிரும். பாத்து ஆடுடா."