விசிலுக்கு முந்தி வேட்டு

டீச்சர் அக்கா அனுப்பிய அந்தப் படம் இன்னும் என் செல்லில் இருக்கிறது. நான் எழுதிய குறிப்பை அச்செடுத்து, அதன் கடைசி வரியைச் சிவப்பு மையால் அடித்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு கேள்வி: "இத யாரு எழுதச் சொன்னா?"

ஆரப்பாளையத்தில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு வேலை. இணையத்தில் ஏற்றும் பாட்டுகளுக்கு அடியில், கேட்பவர்களுக்காக நாலு வரிக் குறிப்பு எழுதுவேன். அக்கா மேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர்; பாட்டும் எழுதுவார். அந்தப் பாட்டு இப்படிப் போகும்:

மலை கல்லாச்சு, கல்லு கல்லாவாச்சு
விசிலுக்கு முந்தி வேட்டாச்சு
ஆறும் வத்திப்போச்சு, ஆறலையே அவ

'அவ' என்பது குவாரி வெடியில் கணவனைப் பறிகொடுத்த பெண் என்று நானாக ஊகித்து எழுதியிருந்தேன். அதைத்தான் அக்கா அடித்திருந்தார். எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. யாரோ ஒருத்தியின் துக்கத்தை அவளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டாரா? இல்லை, அவருக்கே அர்த்தம் தெரியாமல் மர்மம் காட்டுகிறாரா?

இரண்டு நாள் கழித்து, பேர் சொல்லாமல் ஓர் ஆள் போன் செய்தான். பேச்சில் தேன் ஒழுகியது. "பாட்டு அருமைண்ணே. அந்த 'அவ' யாருண்ணே? எந்தக் குவாரி?"

பாட்டு அப்போது வெளியாகவே இல்லை. கூடத்துக்குள் இருந்த நாலைந்து பேர்தான் கேட்டிருந்தோம்.

மறுநாள் மேலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அக்காவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். "குவாரிக்காரவுக ஆளாத்தான் இருப்பான்" என்றவர், "நீங்க சொல்லலைன்னு நான் எப்படித் தம்பி நம்புறது?" என்றார். நானும் மனதுக்குள் பாட்டுக்கு டோலக் வாசித்தவரையும் கூடத்து முதலாளியையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து குறிப்பைத் திருத்தினோம். 'விசிலுக்கு முந்தி' என்பது கவனக்குறைவைக் குறிக்கிறது என்று நான் எழுதப்போனேன். அக்கா தடுத்தார். "வழக்கத்த மட்டும் சொல்லுங்க. முந்திங்கிறது பாட்டுலயே இருக்கு. கேக்குறவுக சேத்துக்கிருவாக."

கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'கல்லா என்பது கடையில் பணம் போடும் பெட்டி. குவாரியில் பாறைக்கு வைக்கும் வெடி, வேட்டு. அதற்கு முன் விசில் ஊதி ஆட்களை விலக்குவது வழக்கம். ஆறு என்றால் நதி. புண் குணமாவதும் ஆறுவதுதான்.' 'அவ' பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பாட்டு வெளியானது. 'அவ' அந்த மலைதான் என்று ஒருவர் எழுதினார். 'அது என் அம்மா' என்றார் இன்னொருவர். விசில் வரியில் தனக்கு மூச்சே நின்றுவிட்டதாக ஒரு பெண் எழுதியிருந்தார். அந்த ஆள் மறுபடி போன் செய்தான். "குறிப்புல ஒண்ணுமே இல்லையேண்ணே" என்றான். அவன் குரலில் இருந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று பிடிபடவில்லை.

அக்கா இப்போதும் பாட்டு அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் முதலில், "வேற யாரு கேட்டா?" என்பார். "நான் மட்டுந்தான்க்கா" என்பேன். நம்புவதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும், அதைச் சொல்லும் முன்பு கூடத்தின் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.