ஜெனரேட்டர் அறையின் கிழக்குச் சுவர்

ராமலிங்கத்தோடு சண்டை போடாதவர் அந்த விடுதியில் கிடையாது. மில் மூடியபின் முதலியார்பேட்டையிலிருந்து ஜெனரேட்டர் ஆபரேட்டராக வந்தவர். யாராவது அறைக்குள் எட்டிப் பார்த்தாலே, "இது என்னா சந்தையா?" என்பார். அங்கே ஒரு தடுப்புக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு மூலை இருந்தது: நாற்காலி, மின்விசிறி, சட்டை மாட்ட ஆணி.

விடுதி குருசுக்குப்பத்துக் கடலைப் பார்த்தது. இன்ஜினுக்கான காற்று கிழக்குச் சுவரிலிருந்த லூவர் வழியாக வரும். சாய்ந்த தகடுகளை அடுக்கிய சட்டம் அது. ஐப்பசி மழை கீழே விழவில்லை, காற்றோடு படுத்தபடி வந்தது. தகடுகளுக்கு இடையே புகுந்து மின்பலகைமேல் தெறித்தது. ராமலிங்கம் ஒரு காதணி விழா பேனரை எடுத்து லூவர்மேல் இழுத்துக் கட்டினார். மழை நின்றது. காற்றும் நின்றது. கல்யாண வரவேற்பின் நடுவே இன்ஜின் சூடேறி அணைந்துபோனது.

"நாளைலேருந்து வராத" என்றார் மேலாளர் அன்வருதீன்.

"பலகைல தண்ணி பூந்திருந்தா மண்டபமே எரிஞ்சிருக்கும். அப்ப யார வராதன்னு சொல்லுவீங்க?"

குற்றம் யாருடையது என்று பார்த்துச் சொல்ல இன்ஜினியர் கவிநிலா வந்தாள். லூவரின் அடிச்சட்டத்தில் ஒரு குவளை நீரை ஊற்றினாள். நீர் உள்பக்கம் ஓடி வந்தது.

"வாட்டத்த உள்ளாற குடுத்திருக்காங்க. இந்த லூவர யார் சார் வாங்குனது?"

"நான்தான். இடைவெளி அகலமா இருந்துச்சு, காத்து நல்லா வரும்னு..." என்று இழுத்தார் அன்வருதீன்.

"காத்தோட மழயும் வருது. சட்டம் எவ்ளோ பெருசா இருந்தாலும் காத்து போற வழி அதுல பாதிதான்." ராமலிங்கத்திடம் திரும்பினாள். "அந்தப் பாதியயும் நீங்க கட்டிட்டீங்க."

"மழ வந்தா நீ வந்து கொட புடிப்பியாம்மா?"

"தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு. அப்படித்தான் எழுதப் போறேன்." நிமிர்ந்து நிற்கும் தகடுகள் கொண்ட லூவர் வேண்டும் என்றாள். அவற்றின் கொக்கி விளிம்புகள் துளிகளைப் பிடித்துக் கீழே வடிக்கும். அடியிலுள்ள தட்டு வெளியே சாய்ந்து நீரைத் துப்பிவிடும். ஆனால் அதில் காற்றுக்கான வழி இன்னும் குறைவு. "அதனால சுவர்ல இன்னும் பெரிய ஓட்ட போடணும். பெருசா இருந்தா காத்து மெதுவா வரும், மழயயும் கொறவா இழுக்கும்."

"எடம்?" என்றார் அன்வருதீன்.

அவள் தடுப்பைக் காட்டினாள்.

அன்வருதீன் சிரித்தார். "மூலய காலி பண்ணு, வேல இருக்கும். இல்லன்னா ரெண்டுமே இல்ல."

ராமலிங்கம் யாரையும் பார்க்காமல் மூலையில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு, ஆணியையும் பிடுங்கினார்.

கார்த்திகையில் கடல் மறுபடி எகிறியது. புது லூவரின் தட்டிலிருந்து குழாய் வழியே நீர் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஓடியது, தரை காய்ந்திருந்தது. உட்கார இடமில்லாமல் மின்பலகையோரம் நின்றிருந்தார் ராமலிங்கம். நனைந்த செருப்போடு அன்வருதீன் உள்ளே கால் வைத்தார்.

"வெளியவே நில்லுங்க. இப்ப மழய உள்ள கொண்டாறது நீங்கதான்."