அடிவானத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி

என் ஆராய்ச்சி கைடுக்கு என்னைப் பிடிக்காது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. என் அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து அப்பர் என்கிற மேல்தோலைத் தைப்பவர் என்று தெரிந்த நாளிலிருந்து, நான் எந்தக் கணக்கில் தப்பு செய்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"இன்னாம்மா, இது ஷூ அப்பர் கிடையாது. கோணலா தச்சா பிரிச்சுத் தச்சுக்கலாம்னு நெனச்சியா?"

லேபில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் இரண்டு வருடம் சிரித்தேன். அதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

வேலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். துறையின் மொட்டை மாடியில் ஒரு சின்ன ரேடியோ ஆன்டெனா இருந்தது. பெரிய தட்டு எல்லாம் இல்லை. வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும் ஒரு அலுமினியக் கிண்ணம், அவ்வளவுதான். திமிரிப் பக்கம் ஒரு நிலத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே நொடியில் ஒரே துடிப்பைக் கேட்டால்தான் அது வானத்திலிருந்து வந்தது என்று நம்புவோம். ஒன்று மட்டும் கேட்டால் பக்கத்தில் ஏதோ மோட்டாரோ செல்போன் டவரோ என்று தூக்கிப் போட்டுவிடுவோம்.

அந்தக் கிண்ணம் எதற்காகக் காத்திருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வேக ரேடியோ வெடிப்பு என்று ஒன்று உண்டு. நாங்கள் எஃப்.ஆர்.பி. என்போம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள், சூரியன் சில நாட்கள் எரிந்து வெளிவிடும் சக்தியை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். கிட்டத்தட்ட எல்லாமே நம் பால்வெளியைப் போன்ற வேறு வேறு அண்டங்களிலிருந்து வருபவை. எது அப்படிக் கத்துகிறது என்று பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இவ்வளவு குறைந்த நேரத்தில் அணைகிற பொருள் பெரிதாக இருக்க முடியாது. அந்த நேரத்தில் ஒளியே முந்நூறு கிலோமீட்டர்தான் போகும்.

மேக்னட்டார் என்பது செத்துப்போன பெரிய நட்சத்திரத்தின் மிச்சம். சூரியனைவிடக் கூடுதலான எடை, ஆனால் இங்கிருந்து ராணிப்பேட்டை வரைக்குமான அகலம்கூட இல்லை. அதன் காந்தப்புலம் பூமியினுடையதைவிட நூறு லட்சம் கோடி மடங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். அந்தக் காந்தம் முறுக்கி முறுக்கி நட்சத்திரத்தின் மேலோட்டையே பிளக்கும். பிளக்கும்போது எக்ஸ்ரே தெறிக்கும். சின்ன உருவம், பயங்கரமான சக்தி. எஃப்.ஆர்.பி.க்குத் தேவையான இரண்டும் இதனிடம் இருந்ததால் பலரும் இதைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை.

2020 ஏப்ரலில் பிடித்தார்கள். நம்முடைய பால்வெளியிலேயே இருக்கும் ஒரு மேக்னட்டார் எக்ஸ்ரேயில் வெடித்தது. அதோடு சேர்ந்து ரேடியோவிலும் ஒரு துடிப்பு வந்தது. அதைப் பிடித்த கருவிகளில் ஒன்று எங்களுடையதைப் போன்ற கிண்ணம்தான். தூரத்து எஃப்.ஆர்.பி.களைவிட அது சக்தி குறைந்தது. இருந்தாலும் வேறு அண்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் சேர்க்கக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. எஃப்.ஆர்.பி. எல்லாமே மேக்னட்டார்தான் என்று இன்றைக்கும் யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். சிலவாவது மேக்னட்டார் என்பது அன்றைக்கு உறுதியானது. அது நடந்த நேரத்தில் அந்த மேக்னட்டார் நம் ஊரில் உதித்திருக்கவே இல்லை. நமக்கு எப்போதும் அப்படித்தான்.

அது மறுபடியும் அப்படி வெடித்தால் பிடிப்பதற்காகத்தான் எங்கள் ஆன்டெனா. ஐந்து வருடத்தில் நான் பிடித்தது பூஜ்யம். அக்டோபர் மாதம் ஆராய்ச்சிக் குழுக் கூட்டம். நாங்கள் டி.சி. மீட்டிங் என்போம். எனக்குக் கடைசி ஆறு மாத நீட்டிப்பு கொடுப்பதா, பதிவை ரத்து செய்வதா என்று அன்றைக்கு முடிவு. ரத்து செய்தால் ஐந்து வருடம் குப்பை.

மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு என் புரோகிராம் ஒரு துடிப்பைக் கண்டுபிடித்தது.

ஸ்கிரீனில் அந்தப் படத்தைத் திறந்தேன். ஒரு வளைந்த கோடு. உயர்ந்த அலைவரிசை முதலில், தாழ்ந்தது பின்னால். விண்வெளியில் இருக்கும் எலக்ட்ரான்கள் தாழ்ந்த அலைவரிசையைத் தாமதப்படுத்துவதால் வரும் வளைவு அது. பக்கத்து மோட்டார் சத்தத்தில் அந்தத் தாமதம் இருக்காது, எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிடும். எங்கள் அலைவரிசையின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் இருந்தது. அதிலிருந்து வழியில் எவ்வளவு எலக்ட்ரான் என்று கணக்குப் போட்டேன். 332 வந்தது. அந்த மேக்னட்டாரின் எண் அதேதான்.

நேரம் பார்த்தேன். 22:40. இரவு பத்து நாற்பதுக்கு மேக்னட்டார் மேற்கு வானத்தில் நன்றாக உயரத்தில் இருக்கும். திமிரி ஆன்டெனா அந்த வாரம் ரிப்பேரில் இருந்தது. எக்ஸ்ரே செயற்கைக்கோள்கள் எதையும் அறிவிக்கவில்லை. அவை அந்த நேரத்தில் பூமிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கைடிடம் காட்டினேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"சூப்பர்மா. வெளியில யாருக்கும் சொல்லாத. டி.சி.லயே நீ அனௌன்ஸ் பண்ணு. கிளெய்ம் பண்ணு, தைரியமா."

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மறுநாள் கம்பெனியில் தன் லைனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, அந்த நேரத்தை உலக நேரத்தில் எழுத வேண்டியிருந்தது. மற்ற ஊர் ஆட்கள் அவரவர் தரவில் தேடிப் பார்ப்பதற்காக. ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஃபைல்கள் எல்லாமே உலக நேரத்தில்தான் பதிவாகும். 22:40 என்பது ஏற்கனவே உலக நேரம். நம் ஊர்க் கணக்கில் விடியற்காலை நான்கு பத்து. சந்தோஷத்தில் அந்த அடிப்படையையே மறந்திருந்தேன்.

நான்கு பத்துக்கு அந்த மேக்னட்டார் எங்கே இருந்தது என்று பார்த்தேன். அடிவானத்துக்குக் கீழே முப்பத்தைந்து டிகிரி. எங்கள் ஆன்டெனாவுக்கும் அதற்கும் நடுவே பூமியே இருந்தது.

அதே 332 தானாக வராது. அப்படியென்றால் யாரோ அந்தத் துடிப்பைத் தரவுக்குள் போட்டிருக்கிறார்கள். போட்டவரும் நான் செய்த அதே தப்பைச் செய்திருக்கிறார்.

போலித் துடிப்பைப் போட்டுப் பார்ப்பது எங்கள் துறையில் வழக்கம்தான். தேடும் புரோகிராம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா. தேடுகிறவருக்குச் சொல்லாமலும் போடுவார்கள். ஆனால் அவர் ஊர் அறிய வாயைத் திறப்பதற்கு முன்னால், இது போலி என்று எழுதி ஒட்டிவைத்த உறையைப் பிரித்துக் காட்டிவிடுவார்கள். என்னையோ கைடு டி.சி.யிலேயே வாயைத் திறக்கச் சொல்லியிருந்தார்.

போடும் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் லேபில் ஒருவன்தான். நாட்றம்பள்ளிக்காரன். நானும் அவனும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். தினமும் மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம். கேன்டீனில் அவன் எதிரே உட்கார்ந்து படத்தைப் போனில் காட்டினேன்.

"டேய், இது நீ போட்டதுதான?"

அவன் சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்தினான்.

"இன்னா சொல்ற?"

"நாலு பத்துக்கு அது தரைக்குக் கீழ இருக்குது. பத்து நாப்பதுன்னு நெனச்சுப் போட்டுட்ட. லாகின்ல உன் பேரும் இருக்குது. பாத்துட்டேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "சார்தான் போடச் சொன்னாரு. வாயால சொன்னாரு, எழுத்துல ஒண்ணும் கிடையாது. நீ மீட்டிங்ல கிளெய்ம் பண்ணுவ, அவரு கவரைப் பிரிப்பாரு. நிஜம் எது பொய் எதுன்னு தெரியாத புள்ளைக்கு எதுக்கு எக்ஸ்டென்ஷன்னு கேப்பாரு. அவ்ளோதான் பிளான்."

"தெரிஞ்சேதான் போட்ட."

"என் ஃபெலோஷிப் பேப்பர் அவரு டேபிள்ல கெடக்குதுடி. நான் இன்னா பண்றது?"

நான் எழுந்தேன். அவன் என் பையைப் பிடித்துக்கொண்டான்.

"டைம் மேட்டரை மட்டும் எடுக்காத. எக்ஸ்ரே வரல, ரெண்டாவது ஆன்டெனா இல்ல, அதனால கிளெய்ம் பண்ணலன்னு சொல்லு. உனக்கு அது போதும். டைமைச் சொன்னா அவரு என்னைக் காலி பண்ணிடுவாரு."

அது எனக்குப் போதாது. அப்படிச் சொன்னால் கைடு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நல்ல சிக்னல் கிடைத்தும் முடிவெடுக்கத் தெரியவில்லை என்பார். என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் அவனுடைய தப்புதான்.

மீட்டிங்கில் வெளியூரிலிருந்து வந்த வானியல் பேராசிரியை ஒருவர் இருந்தார். கைடின் சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கவர் துருத்திக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் இருபது நிமிடம் பேசினேன். வளைவு, எண், மேக்னட்டார், எல்லாம். கைடின் முகத்தில் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. அவர் கை பைக்குப் போனபோது கடைசி ஸ்லைடைப் போட்டேன்.

"இது வானத்துல இருந்து வந்தது இல்ல. இந்த நேரத்துல மேக்னட்டார் நமக்குக் கீழ முப்பத்தஞ்சு டிகிரில இருந்துச்சு. உலக நேரத்தை நம்ம நேரம்னு நெனச்சு யாரோ உள்ள போட்டிருக்காங்க."

பேராசிரியை ஸ்கிரீனையும் கைடையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இது உங்க டெஸ்டா?"

"ஆமா மேடம், ஒரு சின்ன டெஸ்ட்தான்..."

"டெஸ்ட் பண்ணவங்க ஃபெயில். இந்தப் பொண்ணு பாஸ்." பிறகு என்னிடம் திரும்பினார். "யாரு போட்டாங்கன்னு தெரியுமாம்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நான் அவன் பேரைச் சொன்னேன். லாகின் விவரமும் ஸ்லைடில் வைத்திருந்தேன். போட்டுக் காட்டினேன். போடச் சொன்னது யார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் அதைச் சொல்லவில்லை.

கைடு நொடி நேரத்தில் மாறிவிட்டார்.

"ஏம்பா, இதைத்தான் நான் சொன்னேனா? டெஸ்ட் ஃபைல்ல போட்டுப் பாருன்னா ஒரிஜினல் டேட்டாவுல கை வெச்சிருக்கியே!"

அவன் எழுந்து நின்றான். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். நான் புரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆறு மாதம் கிடைத்தது. தரவில் கை வைத்தவன் என்று அவனுடைய ஃபெலோஷிப்பை நிறுத்தினார்கள். கைடு அதே அறையில் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். ஷூ அப்பர் பேச்சு மட்டும் நின்றுவிட்டது. என்னைக் கண்டால் கொஞ்சம் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, துறையை விட்டுப் போவதற்கான படிவத்தோடு அவன் லேபுக்கு வந்தான். கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று லேபின் மூத்த மாணவர் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது அது நான்தான்.

"சைன் போடு" என்றான்.

பட்டியலை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, எல்லாம் சரி. ஆன்டெனா கேபிள் ஆறில் நான்குதான் இருந்தது.

"ரெண்டு கொறையுது" என்றேன்.

"திமிரி ரிப்பேருக்குக் கொண்டு போனேன்ல, அங்கயே இருக்குது. உனக்கே தெரியும்."

"தெரியும். போய் எடுத்துட்டு வா."

வெளியே நல்ல மழை. திமிரிக்கு ஆற்காட்டில் இறங்கிப் பஸ் மாற வேண்டும். அவன் படிவத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். நான் கையெழுத்துப் போடுவதற்காக மாலை வரை லேபிலேயே உட்கார்ந்திருந்தேன்.