கனமில்லாத சார்ஜர்

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். ஆன்லைனில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் சார்ஜர்கள் அங்கே வரும். அசலையும் போலியையும் பிரிக்க வேண்டும். போலி நேராக நொறுக்கும் மெஷினுக்கு, அரவைக்குப் போய்விடும்.

மேசையில் என்னோடு ஓர் அக்கா இருந்தார். நான் பார்த்துச் சொல்வேன். அவர் ஆங்கிலத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எனக்கு எழுத வராது. அவருடைய கணவர் துறைமுகத்தில் விழுந்து இடுப்பு போனவர். பண்டமாரானில் இருக்கும் அவர்கள் வீட்டில் சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான்.

என் வழி கைதான். அறுபத்தைந்து வாட் என்றால் கனக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் சூடு இறக்கும் அலுமினியத் தகடும் இருக்கும். லேசாக இருந்தால் போலி. பல வருடம் அப்படித்தான் பிரித்தேன்.

பிறகு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு ரகம் வந்தது. அதிலும் அறுபத்தைந்து என்று போட்டிருந்தது. அக்கா ஒன்றை எடுத்து ஆபீஸ் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார்.

“ஒரு மணி நேரமா ஓடுது. பழசு மாதிரி சுடலையே தம்பி.”

“லேசா இருக்குக்கா. உள்ள ஒண்ணும் இருக்காது.”

“உன் மண்டை மாதிரியா?” என்றார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அந்த ரகத்தில் இரண்டு வாரம் வந்ததெல்லாம் அரவைக்குப் போனது.

ஒரே ரகத்தில் இவ்வளவு போலியா என்று பார்க்கத் தலைமை ஆபீஸிலிருந்து ஓர் எஞ்சினியர் பெண் வந்தாள். நம் தமிழ்ப் பிள்ளைதான். மேசையிலேயே இரண்டு ரகத்தையும் உடைத்துக் காட்டினாள். மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கிறதாம். பழையதில் சிலிக்கான், இதில் காலியம் நைட்ரைடு. இது பல மடங்கு வேகமாகத் திறந்து மூடுமாம்.

“பெரிய வாளியில நாலு தடவ தூக்குற தண்ணிய, சின்ன டின்னுல நாப்பது தடவ தூக்குறது மாதிரி அங்கிள். தடவைக்குக் கொஞ்சம்தான். அதான் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது.”

சிலிக்கானை அந்த வேகத்தில் ஓட்டினால், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் நிறைய மின்சாரம் சூடாக வீணாகுமாம். இதில் அந்த வீண் குறைவு. சூடு குறைவதால் பெரிய தகடும் வேண்டாம். இரண்டும் அதே அறுபத்தைந்துதான், இரண்டும் அசல்தான்.

பிறகு, கனக்கிறதென்று நான் அசலில் போட்ட ஒன்றை உடைத்தாள். உள்ளே ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் தாள்களைப் புரட்டினார். நான்தான் போலி என்று சொன்னேன், அக்கா சந்தேகப்பட்டார் என்றேன். அவர் தாளிலிருந்து நிமிராமலே கேட்டார்.

“சைன் யாரோடது?”

அக்கா தன்னுடையது என்றார். அன்றைக்கே அவருக்குக் கணக்கு முடித்து வேலையிலிருந்து அனுப்பினார்கள். பையை எடுத்துக்கொண்டார். நான் கேட் வரை போனேன்.

“நீ உள்ள போ தம்பி. உன்னையும் அனுப்பிடப் போறாங்க” என்றார்.

மறுநாள் எழுதத் தெரிந்த வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அக்காவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அழைக்கவில்லை. அழைத்து என்ன சொல்வது.