பத்து வரை எண்ணினேன்

பீங்கான் கோப்பையைக் கழுவும்போது அது உடைந்து வலது ஆள்காட்டி விரலின் நரம்பு அறுந்தது. நாங்கள் நரம்பு என்கிறோம், டாக்டர் தசைநாண் என்றார். மதுரையில் தைத்து, விரல் முழுதும் நீளாதபடி மேலே பட்டை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். நான் அருப்புக்கோட்டையில் சேலை நெய்கிறவன். அறுந்த இழையை முடிச்சுப் போட அந்த விரல் மடங்கியாக வேண்டும்.

நாலாம் நாள் எங்கள் ஊர் பிசியோதெரபி அம்மாவிடம் போனேன்.

"அண்ணே, இப்ப தையல் மட்டுந்தான் தாங்குது. அடுத்த வாரம் அறுந்த நுனியெல்லாம் இளகி இன்னும் பலமில்லாம இருக்கும். அப்புறம் புது நார் கண்டபடி முளைக்கும். விரலை அதோட பலத்துல மடக்காதீங்க, எதையும் பிடிக்காதீங்க. இடது கையால மெதுவா மடக்குங்க, பட்டைவரைக்கும் நீட்டுங்க. மணிக்குப் பத்து தடவை. அசைஞ்சாத்தான் நார் இழுக்குற பக்கமா சீரா அடுக்கும். அசையலைன்னா சுத்தியிருக்கிற உறையோட ஒட்டிக்கும்."

வீட்டில் முதல் தடவை மடக்கியதும் உள்ளே ஏதோ வழுக்கியது. தையல் விட்டுப்போச்சு என்று வேர்த்துக் கொட்டியது எனக்கு. ஊரையே கேலி பேசுகிறவன், சொந்த விரலைப் பார்த்து நடுங்கினேன். அதன் பிறகு அதைத் தொடவேயில்லை.

"ஏங்க, பத்து எண்ணியாச்சா?" என்பாள் மனைவி.

கதவுக்குப் பின்னால் நின்று சத்தமாக ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுவேன். நடுவில் வலிப்பதுபோல் முனகல்கூடச் சேர்ப்பேன். கை மட்டும் சும்மா கிடக்கும். அந்த அம்மா வரச் சொன்ன நாட்களிலும் காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஐந்தாம் வாரம் மனைவி இழுத்துப் போனாள். அந்த அம்மா விரலைப் பிடித்து மடக்கினாள். விறைப்பாய் இருந்தாலும் பாதிக்கு மேல் வந்தது.

"இப்ப நீங்களா, மெதுவா."

உள்ளங்கை இழுத்தது. விரல் அசையவில்லை.

"அறுந்து போகலைண்ணே. ஒட்டிப் போச்சு. பயிற்சி செஞ்சீங்களா?"

"எண்ணினேம்மா."

மனைவி என்னை முறைத்தாள். "தெருவுல பாவு நூலுக்குக் கஞ்சி போட்டா, காயுறதுக்குள்ள இழைய ஆட்டி ஆட்டிப் பிரிச்சு விடுறீக. உங்க விரல்ல மட்டும் தெரியலையாக்கும்?"

முப்பது வருஷமாய் இப்படிப் பாவு ஆற்றுகிறவன். இழையோடு இழை ஒட்டிக் காய்ந்தபின் வலித்துப் பிரித்தால் அறும் என்று பிறருக்குச் சொன்னவனும் நான்தான்.

அன்றிலிருந்து நிஜமாகவே செய்தேன். ஆனால் ஒட்டு விடவில்லை. விரலுக்கு இப்போது ஆள் காட்ட மட்டும் தெரியும். தறியில் இழை அறுந்தால் எழுந்து போய் மனைவியைக் கூப்பிடுகிறேன். ஒரு முடிச்சுக்கு ஒரு வசவு.

ஆறு மாதம் கழித்து மதுரை டாக்டர் சொன்னார்: "திறந்து ஒட்டினதைப் பிரிச்சு விடலாம். சரியாகும்னு உறுதி கிடையாது, அறுந்தும் போகலாம். மறுநாளே வலியோட அசைக்கணும். விட்டீங்கன்னா திரும்ப ஒட்டிக்கும். செய்வீங்களா?"

"செய்வேன் சார்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் நின்று பத்து எண்ணிய அதே குரல். பக்கத்தில் இருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.