அடைக்கலசாமி சொல்லாமல் விட்ட வசவு

என் தாய்மாமன் அடைக்கலசாமி தறிக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன் வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார். அவருக்குச் சளித் தொந்தரவு எதுவும் கிடையாது. வீட்டிலோ கோயிலிலோ அப்படி இருமி நான் கேட்டதில்லை. சிறுவயதில் அதைக் கவனித்தேனே தவிர, காரணம் புரியவில்லை. பதினாறு வயதில், பள்ளிக்கூட விடுமுறைகளில் நானும் அதே கூடத்தில் தறிக்குழியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. உள்ளே இளைஞர்கள் தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், பேச்சை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் கொடுத்தார். கேட்டுவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். கேட்காமல் இருப்பதற்காக இருமினார்.

ஆரணியில் பச்சையப்பன் முதலாளிக்கு ஆறு குழித்தறிகள் இருந்தன. மாமா அங்கே முப்பது வருஷம் பட்டு நெய்தவர். நான் சொல்லும் 1896-ஆம் வருஷத்தில் அவருக்கு அறுபத்திரண்டு வயது. மற்ற ஐந்து தறிகளிலும் இருபதை ஒட்டிய வாலிபர்கள். அவர்களுக்குத் தலைவன் போல இருந்தவன் பிலவேந்திரன். அவனுக்கு வலது கை தங்கவேலு.

வயதானவரை வையும் முறை ஒன்று அந்தக் கூடத்தில் இருந்தது. அதை யாரும் யாருக்கும் கற்றுத் தரவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதலில் மரியாதையை அளவுக்கு மேல் கூட்டுவார்கள். "வாங்க சாமி, குந்துங்க சாமி, மெதுவா எறங்குங்க சாமி, குழி ஆழமா கீது" என்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கேள்விகள் வரும். "பெரியவரே, ஐதர் அலி குதிரை இந்தத் தெருவுல போச்சாமே, சாணி அள்ளுனது நீங்கதானா?" பெரியவரும் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் 'பெருசுக்குக் கோவம்' என்று இன்னொரு சிரிப்பு. ஒருமுறை சிரித்துவிட்டாலோ அடுத்ததற்கு அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும். அப்புறம் 'அவர்' என்பது 'அது' ஆகும். "அது வந்துச்சா? அது துன்னுச்சா?"

கடைசியில்தான் தொழில் வார்த்தைகள். கை தளர்ந்தவர், குறுக்கு நூலான ஊடையை இழுத்து ஓடும் கட்டையின் பெயரால், 'தேஞ்ச நாடா'. தோல் சுருங்கியவர், நீளவாட்டு இழையின் பெயரால், 'கஞ்சி போன பாவு'. அடிக்கடி மூத்திரத்துக்கு எழுந்து போகிறவருக்கு 'ஓட்டைச் செம்பு'. மாமாவுக்கு நிலைத்த பெயர் 'முடிச்சு'. இழையில் முடிச்சு இருந்தால் அது தறியின் அச்சுப் பற்களில் வந்து மாட்டிக்கொள்ளும், தறி நிற்கும். அவர் வாசலில் இருமியதும் உள்ளே ஒருவன், "முடிச்சு வருதுடா" என்பான். முதலாளி பக்கத்தில் நின்றாலும் பயமில்லை. அவர் தறியைத்தான் குனிந்து பார்ப்பார். சொன்னவனைத் தவிர வேறு யாரும் பிடிக்க முடியாத இடத்தில் அந்த வார்த்தை ஒளிந்துகொள்ளும்.

நானும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். மாமா என்பதால் சற்றுத் தாழ்ந்த குரலில் சொன்னேன். அது பெரிய வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வருஷம் நான் சென்னையில் பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். போக இடமில்லாததால் பழைய கூடத்துக்கே போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். ஐப்பசியில் ஒரு நாள் அடைமழை. ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தில் மாமா வாசலில் இருமியது யாருக்கும் கேட்கவில்லை.

பிலவேந்திரன் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"எமன் தாது வருசத்துல கூடைய எடுத்துகினு தெருத் தெருவா பொறுக்கினான்டா. நம்ம முடிச்சு வூட்டாண்ட வந்தா கூடை ரொம்பிப் போச்சு. சரி, கெட, அப்பால வரேன்னு உட்டுட்டுப் போனவன் மறந்தே போய்ட்டான். நல்ல நல்ல புள்ளைங்கல்லாம் போய்ச் சேர்ந்துச்சு. இது குந்திகினு கீது. தாது மிச்சம்டா இது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பாதி சிரித்துவிட்டுத் திரும்பினேன். மாமா நனைந்தபடி கதவருகே நின்றார்.

பிலவேந்திரனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன், தாது வருஷப் பஞ்சத்தில், மாமா சர்க்காரின் பஞ்ச நிவாரண ஏரி வேலைக்குப் போய், அங்கே ஊற்றிய கஞ்சியைக் குடித்து உயிரோடு வந்தார். வந்து சேர்ந்த வாரத்தில் வயிற்றுப்போக்கில் அவருடைய ஆறு வயதுப் பெண்ணும் நான்கு வயதுப் பையனும் இறந்தார்கள். பிறகு குழந்தை இல்லை. அத்தை அமலோற்பவம் அந்த வருஷத்தின் பெயரையே வாயில் எடுப்பதில்லை. தெருவில் யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். பிலவேந்திரன் அந்த வருஷத்தில் இரண்டு வயதுக் குழந்தை. அவனும் மிச்சம்தான். அவனுக்கு அது ஒரு பழங்கதை.

மாமா குழியில் இறங்கி, மிதிக்கட்டையில் கால் வைத்து நெய்தார். மூன்றாம் நாள் மாதாகோயில் உபதேசியாரிடம் போய், வாலிபர்கள் தன்னை வைததாகப் பிராது கொடுத்தார். அவர் கேட்டது அதிகமில்லை. பிலவேந்திரனும் தங்கவேலும் எல்லோர் முன்னிலையிலும் கும்பிட்டு, இனி அவரைப் பெயரும் முறையும் வைத்துக் கூப்பிட வேண்டும். சாகும்வரை அந்தக் கூடத்தில் மனிதனாகப் போய்வர வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பாதிரிச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் முடிந்ததும் உபதேசியாரும் தெருப் பெரியவர்களும் கோயிலுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் வழக்குக் கேட்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வசவு வழக்குக்கு அங்கே ஒரு விதி உண்டு. என்ன வார்த்தை சொன்னார்கள் என்பதைப் பிராது கொடுத்தவரே தம் வாயால் சபையில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், அல்லது சொன்னதில் வசவு இல்லாவிட்டால், அது பொய்ப் பிராது. அவரே வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து, 'நான் தப்பாக நினைத்துவிட்டேன்' என்று எதிராளியிடம் சொல்ல வேண்டும். முறைத்துப் பார்த்தான், முணுமுணுத்தான் என்று பெரியவர்கள் சின்னவர்களைத் தினமும் இழுத்து வராமலிருக்க ஏற்பட்ட விதி. நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"இன்னா வார்த்த சொன்னாங்க, சொல்லுங்க அடைக்கலம்" என்றார் உபதேசியார்.

"முடிச்சுன்னு கூப்புட்றாங்க."

தங்கவேலு எழுந்தான். "தறியில முடிச்சு வந்தா முடிச்சுன்னுதாங்க சொல்லணும். வேற இன்னா, முந்திரின்னா சொல்றது?"

பெண்கள் பக்கமும் சிரிப்பு வந்தது.

"அப்பறம்?"

"தேஞ்ச நாடான்றாங்க."

"தேஞ்சிதாங்க போச்சு" என்றான் பிலவேந்திரன் பணிவாக. "முதலாளியே பாத்தாரு. புதுசு வாங்கிக் குடுத்தாரு."

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "பவுல்துரை, நீ பட்டணம் போயி பி.ஏ. படிச்சவன். கூடத்துலயும் வேலை செஞ்சவன். இந்த வார்த்தையில வசவு கீதா?"

நான் யோசித்தேன். படித்தவன் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு முன்னால் நின்றது. "வார்த்தையில இல்லீங்க. ஆனா சொல்ற விதத்துல..."

"விதத்தை எப்படிப்பா சபையில எடுத்து வெச்சிக் காட்டறது?" என்று அவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் உண்மையாகவே வழி தெரியவில்லை. மாமாவிடம் திரும்பி, "அன்னிக்கி மழையில ஏதோ சொன்னாங்கன்னு பிராதுல சொன்னீங்களே, அது இன்னா?" என்றார்.

மாமா பெண்கள் பக்கம் பார்த்தார். அத்தை மூன்றாவது வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிலவேந்திரன் தலையைக் குனிந்தான்.  நான் எழுந்திருக்க முழங்காலை ஊன்றினேன். மாமா என்னைப் பார்த்து, கண்ணால் வேண்டாம் என்றார். மறுபடியும் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க அடைக்கலம். மறுபடியும் கேக்கறேன்."

"ஞாபகம் இல்லீங்க" என்றார் மாமா.

பின்னாலிருந்து யாரோ, "அதான் வயசு!" என்றார்கள். அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பொய்ப் பிராது என்று தீர்ந்தது. ஈஸ்டருக்குள் இரண்டு வாலிபர்களுக்கும் சேர்த்து மாமா ஒரு தட்டு வைத்து, அந்த வாசகத்தைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "நீங்க சொல்லியிருந்தா நான் சாட்சி சொல்லியிருப்பேனே மாமா. ஜெயிச்சிருக்கலாமே" என்றேன்.

"ஜெயிச்சி? உங்க அத்தை காதுல அது உழுந்தப்பறம் எவன் கும்புட்டு எனக்கு இன்னாடா ஆவப்போவுது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "நீ வார்த்தையில இல்லன்னு சொன்னது சரிதான். படிச்சவன் பொய் சொல்லக் கூடாது" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டினாரா, உண்மையாகவே பாராட்டினாரா என்று இத்தனை நாள் கழித்தும் எனக்குத் தீரவில்லை.

வழக்குக்குப் பின் கூடத்தில் 'முடிச்சு' வழக்கொழிந்தது. 'ஞாபகம் இல்லீங்க' வந்தது. ஊடை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் ஒருவன், "ஞாபகம் இல்லீங்க" என்று மாமாவின் குரலிலேயே சொல்வான். முதலாளிகூட ஒருநாள் சொல்லிச் சிரித்தார். முதலாளி வாயில் வந்த பிறகு அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. "பெரியவருக்கு மறதி, பூவேலைச் சேலை வேணாம்" என்று, மாமாவின் தறியை முதலாளி தங்கவேலுக்குக் கொடுத்தார். மாமா பெண்களோடு உட்கார்ந்து, நாடாவுக்குள் போடும் ஊடைத் தார் சுற்றினார். அவர் கையில் ஒரு சேலையும் அதுவரை கெட்டதில்லை. அதை எடுத்துச் சொல்ல நான் முதலாளியிடம் போனேன். "இன்னா தம்பி பேஜார் பண்றே, அவரே சபையில ஒத்துகினாரே" என்றார். திரும்பி வந்தேன்.

அத்தை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படி இன்னாதான்டா சொன்னாங்க இவர? எனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்றாரு. ஞாபகம் இல்லன்றாரு. நெசமாவே மறந்துட்டாராடா?" நானும் தெரியாது என்றேன்.

தட்டை மாமா வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு 'பாக்கலாம்' என்றார். பங்குனியில் காய்ச்சல் கண்டு, ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இறந்தார். பாடைக்குத் தோள் கொடுத்த நால்வரில் பிலவேந்திரன் ஒருவன். கல்லறை வரைக்கும் தோள் மாற்றவில்லை. அவன் கெட்டவன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும்.

மகன் இல்லாததால் அந்தத் தட்டு என்மேல் வந்திருக்கிறது. அது தீரும்வரை எங்கள் வீட்டில் சபைத் தாம்பூலம் இல்லை, கல்யாணம் காரியத்துக்குத் தெரு வராது என்று உபதேசியார் வருத்தத்தோடுதான் சொன்னார். தட்டு வைத்தால், மாமா தப்பாக நினைத்துவிட்டார் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அன்று மாலைக்குள் அத்தைக்குத் தெரிந்துவிடும். பிலவேந்திரனிடம் மட்டும் அந்த இரண்டு குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்லலாமா என்று நினைத்து அவன் வீடுவரை போயிருக்கிறேன். அவன் இருக்கிற இருப்புக்கு நேரே ஓடிவந்து அத்தை காலில் விழுவான். அவள் எதற்கென்று கேட்பாள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுத முடிந்தது. வெற்றிலை, பாக்கு, ஒரு வாசகம். மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தத் தட்டு இன்னும் வைக்கப்படவில்லை.